விட்டதைப் பிடிக்கப் போனவருக்கு ஒரு கடிதம்

ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை விட்ட கணவனுக்கு மனைவி எழுதும் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் இருக்கும். ஆட்டத்தை நிறுத்த வேண்டும்; கடன் முழுவதையும் அவளிடம் காட்ட வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் கேட்டால் பலிப்பதில்லை. கடனை மறைத்துவைத்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தியவருக்கு மாதக் கடைசியில் வட்டி கழுத்தை நெரிக்கும். கையில் இருக்கும் இரண்டாயிரத்தை இருபதாயிரமாக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி போனில்தான் இருக்கிறது. 'விட்டதைப் பிடிப்பது' என்று ஆடுகிறவர்களே சொல்வது இதைத்தான். ஆட்டம் நிற்காமல் வீட்டார் கடனை மட்டும் அடைத்தால் நடப்பது வேறு. நகையை அடகு வைத்து அடைத்த மறு வாரமே கடன் கொடுத்தவர் திரும்பவும் கொடுக்கத் தயாராக இருப்பார்.

நேரில் பேசுவதைவிட எழுதிக் கொடுப்பதில் ஒரு வசதி உண்டு. இந்தப் பேச்சு பெரும்பாலும் சண்டையில் முடியும். எவ்வளவு என்று கேட்டதும் ஒரு தொகை வரும், அது பாதிதான் இருக்கும். ஒருமுறை பாதியைச் சொன்னவர் மீதியைச் சொல்ல வெட்கப்பட்டு அதைச் சமாளிக்க மறுபடி ஆடுவார். கடிதத்துக்கு உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் சட்டைப்பையில் கிடக்கலாம். கொடுக்கும் நேரம் முக்கியம். கிரிக்கெட் மேட்ச் ஓடும் இரவோ, பணம் போன இரவோ வேண்டாம். சம்பளம் வருவதற்கு முந்தைய ஞாயிறு காலை பொருத்தமானது.

மாதிரிக்குத் திருப்பூரில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவன் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், சம்பளம் 32,000. மனைவி வீட்டிலேயே தையல் போட்டு 9,000 சம்பாதிக்கிறாள். அவள் எழுதும் கடிதம் இப்படித் தொடங்கலாம்:

"மாமா, சண்டை போட இதை எழுதல. போன மாசம் சம்பளம் வந்து நாலே நாளில் 18,500 ரூபாய் போயிருக்கு. பேங்க் மெசேஜ்ல பார்த்தேன். பத்து தடவை அனுப்பியிருக்கீங்க, பத்தும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். தெரியாததை நீங்கதான் சொல்லணும்."

இந்தத் தொடக்கத்தில் 'எப்பவும்', 'எல்லாத்தையும்' போன்ற சொற்கள் இல்லை. குற்றச்சாட்டை மறுக்கலாம், தேதியையும் தொகையையும் மறுப்பது கடினம். அடுத்து அவள் எதைச் செய்ய மாட்டாள் என்பது வர வேண்டும்:

"மகளிர் குழுவுல என் பேருல லோன் எடுக்க மாட்டேன். எங்கண்ணன்கிட்ட கேட்க மாட்டேன். இருக்கிற கடனை அடைக்க உங்ககூட நிப்பேன். பேப்பர் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

கடைசி வரிக்குச் சட்ட அடிப்படை இருக்கிறது. கணவன் தனியாக வாங்கிய கடனுக்கு, கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திடாத மனைவி பொறுப்பாளி ஆவதில்லை. குழுக் கடன் இதைவிடச் சிக்கலானது. அங்கே ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

பிறகு, சேர்ந்து செய்ய வேண்டிய முதல் வேலை. சம்பளக் கணக்கின் கடைசி ஆறு மாத ஸ்டேட்மென்டை எடுத்து இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது. சூதாட்டத்துக்குப் போன பணம் பெரும்பாலும் ஆப்பின் பெயரில் இருக்காது. முன்பின் தெரியாத தனி ஆட்களின் பெயரிலோ ஏதோ கடைப் பெயரிலோ யுபிஐ வழியாகப் போயிருக்கும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதித்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகும், வெளிநாட்டுத் தளங்களும் 'ஐடி' கொடுக்கும் ஏஜென்டுகளும் இந்தக் கள்ள வழியில்தான் பணம் வாங்குகிறார்கள். ஜெயித்த பணம் அப்படிப்பட்ட கணக்கிலிருந்து வந்தால், போலீஸ் விசாரணையில் சம்பளக் கணக்கே முடங்கக்கூடும். ஸ்டேட்மென்டோடு கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுக்கலாம். கிரெடிட் நிறுவனம் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கொடுக்கிறது. மறந்துபோன லோன் ஆப் கடனும் அதில் தெரியக்கூடும். கைமாற்று தெரியாது; அதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் இப்படி எழுதிப் பார்த்ததில் வந்தது 2,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகைக்கடன் 1,20,000, மாத வட்டி 1,200. கிரெடிட் கார்டு 80,000, மாதம் மூன்றரை சதவீதத்தில் 2,800, வரி தனி. தெருவில் ஒருவரிடம் ஐந்து வட்டிக்கு 50,000, அதற்கு மாதம் 2,500. நண்பரிடம் வட்டியில்லாமல் 30,000. இது தவிர 'ஐடி' கொடுத்த ஏஜென்ட் தனக்கு 25,000 வர வேண்டும் என்கிறார். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் ஜெயித்த தொகையைக் கேட்டு வழக்குப் போடவும் முடியாது. ஆகவே அது பட்டியலில் ஏறாது. அவர் மிரட்டினால் அது போலீஸுக்குப் போக வேண்டிய விஷயம்.

வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் எல்லாம் 27,000 போக மாதம் 14,000 மிஞ்சுகிறது. வட்டிக்கு மட்டும் 6,500 போய்விடும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சமாதானப்படுத்துவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. நகைக்கும் கார்டுக்கும் வட்டியாக 4,000 கட்டிவிட்டு, மீதி 10,000-த்தையும் ஐந்து வட்டிக் கடனுக்கே போட்டால் முதல் மாதம் 7,500 அசல் குறையும். அசல் குறையக் குறைய வட்டியும் குறைவதால் ஆறாவது மாதத்தில் அந்தக் கடன் தீர்ந்துவிடும். பிறகு கார்டுக்கு மாதம் 12,800 போகும். எட்டொன்பது மாதம் ஆகும். நிலுவையைக் குறைந்த வட்டியில் இஎம்ஐ ஆக்கித் தரும்படி பேங்கைக் கேட்டால் இன்னும் சீக்கிரம் முடியலாம். கடைசியாக நகையும் நண்பரும். மொத்தம் இரண்டேகால் வருஷம் போல ஆகும். நண்பரிடம் போய் "உங்களுக்குக் கடைசியில்தான்" என்று நேரில் சொல்வதுதான் இதில் கடினமான வேலை. மனைவியும் கூடப் போவது நல்லது.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் பணம் அவர் கைக்குப் போகும் வழி குறுக வேண்டும். சம்பளம் வந்த அன்றே 30,000 மனைவியின் கணக்குக்கு மாறிவிட வேண்டும். அவர் போனில் உள்ள யுபிஐ, பெட்ரோலுக்கும் டீக்கும் வைத்த 2,000 ரூபாய் உள்ள தனிக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும். கார்டை வெட்டிப் போட்டால் போதாது, எண் மனப்பாடமாக இருக்கும். பேங்கில் சொல்லி முடக்க வேண்டும். பேங்க் அல்லது நிதி நிறுவனத்தின் வசூல் ஆள் காலை எட்டு மணிக்கு முன்போ இரவு ஏழு மணிக்குப் பின்போ போன் செய்தால் அது ரிசர்வ் வங்கி விதிக்கு மாறானது. நேரத்தைக் குறித்துவைத்துப் புகார் கொடுக்கலாம்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவர் செத்துப்போவதாகப் பேசினாலோ, பேச்சு மூச்சில்லாமல் முடங்கினாலோ கணக்கு வழக்கை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அவரைத் தனியாக விடக்கூடாது. டெலி மனஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். ஆட்டத்தை விட முடியாமல் தவிப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஒரு கோளாறாகவே சேர்த்திருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குப் பார்க்கிறார்கள்.

சறுக்கலும் நடக்கும். ஐபிஎல் மாதத்திலோ போனஸ் வந்த வாரத்திலோ அவர் மறுபடி ஒரு நாள் ஆடக்கூடும். போனைக் கவிழ்த்து வைப்பது, ஐந்நூறு ஆயிரமாக அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்குவது, மேட்ச் முடிந்ததும் காரணமில்லாமல் எரிந்து விழுவது ஆகியவை அதற்கு அடையாளங்கள். அதனால் கடிதத்தின் கடைசியில் இப்படியும் ஒரு வரி எழுதிவைக்கிறார்கள்: "மறுபடி ஆடிட்டீங்கன்னா மறுநாள் ராத்திரிக்குள்ள எவ்வளவுன்னு சொல்லிடுங்க. அன்னிக்கு நான் கத்த மாட்டேன். நோட்டுல எழுதிட்டு அடுத்த மாசக் கணக்கை மாத்திப் போடுவோம்."