ரிலீவிங் லெட்டர் தராமல் இழுத்தடித்தால்...

மாதக் கடைசிக்குள் ரிலீவிங் லெட்டர் வராவிட்டால் வேலை நிச்சயமில்லை என்கிறது புது ஆபீஸ். நோட்டீஸ் பாக்கியைக் கட்டாமல் லெட்டர் கிடையாது என்கிறது பழைய ஆபீஸ். லஸ், மந்தைவெளிப் பக்கத்து வாசகர்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களுடையவை. ரிலீவிங் லெட்டர் வேறு, அனுபவச் சான்றிதழ் வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேரே விஷயத்துக்கு வருவோம்.

ஆலைத் தொழிலாளிக்குப் பணிச் சான்றிதழ் பெறும் உரிமையை 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி நிலையாணைகள் எழுதியே வைத்தன. ஆபீஸ்காரர் அப்படி ஒரு வரியைச் சட்டத்தில் காட்டுவது கடினம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின் 17ஆம் பிரிவு, ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாட்களில் சம்பளத்தைத் தீர்க்கச் சொல்கிறது. பெரிய சீர்திருத்தம் என்று அரசு இதைக் கொண்டாடட்டும். அந்தப் பிரிவு பணத்தைப் பற்றித்தான் பேசுகிறது, கடிதத்தைப் பற்றி அல்ல. ஆக, கடிதத்துக்கு வலுக் கொடுப்பது சட்டம் அல்ல, புது ஆபீஸின் எச்.ஆர். விதி. பழைய ஆபீஸுக்கு இது நன்றாகவே தெரியும்.

பாக்கிக் கணக்கு எப்படிப் பெருக்கப்படுகிறது என்று பாருங்கள். ஒருவருக்குச் சம்பளம் 45,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 22,500 என்று வைத்துக்கொள்வோம். 90 நாள் நோட்டீஸில் 30 நாள் வேலை செய்துவிட்டார். மீதி 60 நாளுக்கு முழுச் சம்பளத்தில் கணக்குப் போட்டு 90,000 ரூபாய் கேட்கிறார்கள். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 16,200. முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிக்க வேண்டும். நோட்டீஸ் பே அடிப்படைச் சம்பளத்தில் என்று அதில் இருந்தால் பாக்கி 45,000தான். ஜி.எஸ்.டி. கேட்கவே முடியாது, நோட்டீஸ் பே பிடித்தத்துக்கு வரி இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் 178ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. கடைசி மாதச் சம்பளம் 45,000 அவர்களிடமே நிற்கிறது என்றால், அதில் கழித்துக்கொள்ளச் சொல்லி மெயில் போடலாம். கணக்கு நேராகிவிட்ட பிறகு லெட்டரை நிறுத்தக் காரணம் எதுவும் மிஞ்சாது. ராஜினாமாவை ஏற்ற மெயில், லேப்டாப் ஒப்படைத்த ரசீது, இந்தக் கணக்கு மூன்றையும் ஆபீஸ் ஐ.டி. முடங்குவதற்கு முன்பே சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் தராவிட்டால்? இங்கேதான் பி.எஃப். கணக்கு உதவிக்கு வருகிறது. வேலையை விட்ட தேதியைப் பதிவதும் ஒரு காலத்தில் முதலாளி கையில்தான் இருந்தது. 2020 முதல் ஊழியரே பதியலாம். பி.எஃப். தளத்தில் `Manage` பகுதியில் `Mark Exit` என்று இருக்கும். ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், பழைய ஆபீஸின் ஒப்புதல் தேவையில்லை. அதன்பின் `Service History` பக்கத்தில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் தெரியும். பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் பார்ப்பதும் இதே பக்கத்தைத்தான்.

ஆனால் நினைத்த அன்றே முடிகிற வேலையல்ல. கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். புது ஆபீஸோ ஒரே மாதம்தான் தருகிறது. தேதியும் கடைசிச் சந்தா மாதத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். மார்ச் 14 அன்று விலகியவர் அவசரத்தில் மார்ச் 31 என்று போட்டுவிட்டால், மார்ச் 17 அன்று சேர்ந்த புது வேலையோடு மோதி, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்ததாகத் தெரியும். அதைத் திருத்த ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கிற பி.எஃப். அலுவலகம் வரை அலைய நேரலாம்.

மயிலாப்பூரின் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் வக்கீல் ஆபீஸ்களுக்கும் இந்த வழி பெரும்பாலும் பயன்படாது. 20 பேருக்குக் குறைவாக இருக்கும் இடத்துக்குப் பி.எஃப். கட்டாயமில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கும், வரி பிடித்திருந்தால் 26ஏஎஸ் படிவமும்தான் சாட்சி. லெட்டர் கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய கடிதத்தின் நகலையும் சேர்த்துப் புது எச்.ஆரிடம் கொடுத்தால் பலர் ஏற்கிறார்கள், எல்லோரும் அல்ல.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பாண்டு எழுதிக் கொடுத்தேன், செல்லுமா? விஜயா வங்கி வழக்கில் 2 லட்ச ரூபாய் பாண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது, ஆகவே கவனம்.

லெட்டரில் அவதூறாக எழுதியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் விப்ரோ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் புதுக் கடிதமும் 2 லட்ச ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது.

கம்பெனியையே மூடிவிட்டார்கள். மேலே சொன்ன அதே ஆதாரங்கள்தான்.

நானே லெட்டர்ஹெட் அடித்துக்கொள்ளட்டுமா? வேண்டாம். அது போலி ஆவணம்; பிடிபட்டால் போவது புது வேலை மட்டுமல்ல, வழக்கும் வரும்.