வோல்ட்மீட்டரின் சுமையேற்றப் பிழை

மின்சுற்று ஒன்றில் வோல்ட்மீட்டரை இணைத்தவுடன், அளக்க வேண்டிய மின்னழுத்தமே குறைந்துவிடுவதால் ஏற்படும் பிழை சுமையேற்றப் பிழை எனப்படும். மீட்டர் பழுதில்லாமல் இருந்தாலும் இப்பிழை ஏற்படும். மின்தடை மிகுந்த சுற்றுகளில் இது பெரிதாகத் தெரியும்.

## பிழை தோன்றும் விதம்

9 வோல்ட் மின்கலம் ஒன்றுடன் 1 மெகாஓம் மின்தடையாக்கிகள் இரண்டு தொடரிணைப்பில் உள்ளன என்று கொள்வோம். இத்தகைய அமைப்பு மின்னழுத்தப் பிரிப்பி எனப்படும். இரு மின்தடைகளும் சமம். ஆகவே ஒவ்வொன்றின் குறுக்கேயும் 4.5 வோல்ட் இருக்கும். சுற்றில் பாயும் மின்னோட்டம் 4.5 மைக்ரோஆம்பியர் மட்டுமே.

இப்போது கீழ் மின்தடையாக்கியின் முனைகளில் வோல்ட்மீட்டரை இணைக்கிறோம். மீட்டருக்கும் ஒரு மின்தடை உண்டு. அது கீழ் மின்தடையாக்கியுடன் பக்க இணைப்பில் சேர்வதால், அப்பகுதியின் தொகுபயன் மின்தடை 1 மெகாஓமைவிடக் குறைகிறது. மேல் மின்தடையாக்கியின் மதிப்பு மாறவில்லை. எனவே 9 வோல்ட்டில் பெரும்பங்கு மேலே போய், கீழே உள்ள பங்கு குறைகிறது. மீட்டர் காட்டுவது அந்தக் குறைந்த மதிப்பையே. அதாவது, தான் இணைந்திருக்கும்போது அங்குள்ள மின்னழுத்தத்தை மீட்டர் சரியாகவே காட்டுகிறது. ஆனால் நாம் அறிய விரும்பியது மீட்டர் இல்லாதபோது இருந்த மின்னழுத்தம்.

## ஒரே சுற்று, மூன்று அளவீடுகள்

எண்முறை மல்டிமீட்டர்கள் பலவற்றின் உள்மின்தடை 10 மெகாஓம். அதனுடன் 1 மெகாஓம் பக்க இணைப்பில் சேர்ந்தால் தொகுபயன் 0.909 மெகாஓம். மீட்டர் 4.29 வோல்ட் காட்டும்.

முள் நகரும் மல்டிமீட்டரில் கம்பிச்சுருளைத் திருப்ப மின்னோட்டம் தேவை. "ஒரு வோல்ட்டுக்கு 20 கிலோஓம்" என்று அதன் முகப்பில் எழுதியிருந்தால், தேர்ந்தெடுத்த நெடுக்கத்தை 20 கிலோஓமால் பெருக்கினால் உள்மின்தடை கிடைக்கும். 10 வோல்ட் நெடுக்கத்தில் அது 200 கிலோஓம். அப்போது முள் 1.29 வோல்ட்டில் நிற்கும். இந்நிலையில் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் சுமார் 6.4 மைக்ரோஆம்பியர். மீட்டர் இல்லாதபோது சுற்றில் பாய்ந்த மின்னோட்டத்தைவிட இது அதிகம்.

அதே மீட்டரை 50 வோல்ட் நெடுக்கத்துக்கு மாற்றினால் உள்மின்தடை 1 மெகாஓம் ஆகும். முள் 3 வோல்ட் காட்டும். சுற்றில் எதையும் மாற்றாமலே 4.29, 1.29, 3 என மூன்று விடைகள் கிடைத்துள்ளன.

## கண்டறியும் வழிகள்

முதலில், இரு மின்தடையாக்கிகளின் குறுக்கேயும் தனித்தனியே அளந்து கூட்டிப் பார்க்கலாம். 10 மெகாஓம் மீட்டரில் 4.29 + 4.29 = 8.58 வோல்ட் வரும். மின்கலத்தை நேராக அளந்தால் 9 வோல்ட் வரும். கூட்டுத்தொகை குறைவது பிழையின் அடையாளம்.

முள் மீட்டராயின் நெடுக்கத்தை மாற்றிப் பார்க்கலாம். அளவீடு பெரிதும் மாறினால் சுமையேற்றம் இருக்கிறது. எண்முறை மீட்டர்களில் நெடுக்கத்தை மாற்றினாலும் உள்மின்தடை பொதுவாக மாறாது. அங்கே அதேபோன்ற இன்னொரு மீட்டரை அதே முனைகளில் சேர்க்க வேண்டும். மேற்கண்ட சுற்றில் அளவீடு 4.29-லிருந்து 4.09 வோல்ட்டாக இறங்கும்.

## திருத்தும் முறை

மீட்டரின் முனைகளிலிருந்து பார்த்தால், மின்கலத்தின் உள்மின்தடை மிகச் சிறியது என்பதால், R1, R2 இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதுபோல் அமையும். இதை மூலமின்தடை Rs என்போம். மீட்டரின் உள்மின்தடை Rm எனில்:

Rs = (R1 × R2) / (R1 + R2)

உண்மை மின்னழுத்தம் = அளவீடு × (1 + Rs/Rm)

நம் சுற்றில் Rs = 0.5 மெகாஓம். 10 மெகாஓம் மீட்டருக்கு 4.286 × 1.05 = 4.5 வோல்ட். 50 வோல்ட் நெடுக்கத்தில் இருந்த முள் மீட்டருக்கு 3 × 1.5 = 4.5 வோல்ட். இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன.

திருத்தம் பெரிதாக இருந்தால் விடையை அதிகம் நம்ப இயலாது. மின்தடையாக்கிகளின் மதிப்பில் 5% வேறுபாடு இருக்கலாம். அது திருத்தத்திலும் நுழையும். ஆகவே பிழையைச் சுமார் 1 விழுக்காட்டுக்குள் வைக்க விரும்பினால், Rm மதிப்பு Rs-ஐப் போல் 100 மடங்காவது இருக்க வேண்டும். பிரிப்பியில் 1 மெகாஓமுக்குப் பதில் 10 கிலோஓம் மின்தடையாக்கிகள் இருந்தால் Rs 5 கிலோஓம்தான். அப்போது 10 மெகாஓம் மீட்டரின் பிழை 0.05 விழுக்காடு மட்டுமே. பள்ளி ஆய்வகச் சுற்றுகளில் இப்பிழை பெரும்பாலும் கண்ணில் படாமல் போவதற்கு, அங்கே பயன்படும் மின்தடைகள் சிறியவையாக இருப்பதே காரணம்.