அரைமண்டியில் முட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது?

பரதநாட்டிய வகுப்பில் ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் பலமுறை சொல்லும் சொல் “உட்காரு”. அரைமண்டியைத்தான் சொல்கிறார். குதிகால்கள் நெருங்கி, பாதங்கள் இருபுறமும் திரும்பி, முட்டிகள் பக்கவாட்டில் மடங்கி, முதுகு நிமிர்ந்திருக்கும் நிலை. தட்டடவில் தொடங்கி வர்ணத்தின் தீர்மானங்கள் வரை ஆடுபவர் இந்த நிலையில்தான் இருக்கிறார். அதே நிலையில் தரையைத் தட்டவும் வேண்டும். எட்டுத் தாளத்துக்கு முதல் காலத்தில் எட்டுத் தட்டு என்றால், மூன்றாம் காலத்தில் முப்பத்திரண்டு.

இந்தத் திருப்பம் எங்கிருந்து வரவேண்டும் என்பதில்தான் முட்டியின் நலம் இருக்கிறது. அது தொடங்கவேண்டிய இடம் இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் சுழல, தொடை முழுவதும் வெளிப்பக்கம் திரும்பும். முட்டியும் பாதமும் அதைப் பின்தொடரும். ஆனால் அந்தக் குழியின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்திக்குத் தொடை 60 டிகிரி திரும்பும், பக்கத்தில் நிற்பவளுக்கு 40 டிகிரியோடு நின்றுவிடும். பயிற்சியால் தசை இளகும், வலுப்பெறும். எலும்பின் அமைப்பு அதற்கு இணங்கிவிடாது.

40 டிகிரி திரும்பும் மாணவியையே எடுத்துக்கொள்வோம். வயது பதின்மூன்று, அரங்கேற்றத்துக்குத் தயாராகிறாள். இரண்டு இடுப்பும் சேர்ந்து 80 டிகிரி. கீழ்க்காலின் இயல்பான திருப்பத்தையும் சேர்த்தால் பாதங்களுக்கிடையே ஏறக்குறைய 110 டிகிரி கிடைக்கலாம். அவளோ பாதங்களைக் கிட்டத்தட்ட ஒரே கோட்டில், 170 டிகிரியில் வைக்கிறாள். நிமிர்ந்து நிற்கும்போது இது எளிதில் முடியாது, ஏனென்றால் நேராக நீட்டிய முட்டி பூட்டிக்கொள்ளும். மடக்கியதும் பூட்டு தளர்ந்து, தொடைக்குக் கீழே முழங்கால் எலும்பு சற்றுச் சுழல இடம் கொடுக்கும். அந்த இடைவெளியில்தான் அவள் பாதத்தை வைத்துவிடுகிறாள்.

அதன் விலை எழும்போது தெரிகிறது. பாதம் தரையில் ஊன்றியபடியே இருக்க, முட்டி நீளும்போது முறுக்கு அவிழ வழியில்லாமல், ஈரத்துணியைப் பிழிவதுபோல மூட்டின் உள்பக்கத் தசைநார் இழுபடும். நாட்டடவில் கால் மாறிமாறி நீண்டு மடங்குகிறது. ஒவ்வொரு முறையும் இதே இழுப்பு. இன்னொரு பக்கம் பாதத்தின் உள்வளைவு தரையோடு படுத்து, கணுக்கால் உள்ளே சரிகிறது. போதாத திருப்பத்தை ஈடுகட்ட இடுப்பு முன்னால் சாய்ந்து, கீழ்முதுகு குழிகிறது.

இதையெல்லாம் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். அரைமண்டியில் இருக்கும்போது முட்டிச் சில்லின் நடுவிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால், அது பாதத்தின் இரண்டாவது விரல்மேல் விழவேண்டும். பெருவிரலுக்கு உள்பக்கம் விழுந்தால் திருப்பம் இடுப்பிலிருந்து வரவில்லை. இடுப்பின் அளவைத் தனியே பார்க்க, மாணவியைக் குப்புறப் படுக்கவைத்து, ஒரு முட்டியைச் செங்குத்தாக மடக்கி, இடுப்பு தரையைவிட்டு எழாதபடி பாதத்தை மெல்ல மற்றக் காலின் பக்கம் சாய்க்கலாம். தடங்கலில்லாமல் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுதான் அவளுடைய தொடைக்குச் சொந்தமான திருப்பம்.

நம் மாணவிக்கு ஆசிரியர் செய்யவேண்டியது, பாதங்களை 110 டிகிரிக்குக் குறைத்து, நூல் சரியாக விழும் ஆழம்வரை மட்டும் உட்காரவைப்பது. முதலில் அரைமண்டி அகலமும் ஆழமும் குறைந்துதான் தெரியும். பெற்றோர் கேட்பார்கள், பக்கத்து மாணவி நன்றாக உட்காருகிறாளே என்று. ஆசிரியர் உறுதியாக நிற்கவேண்டிய தருணம் இது என்பேன். “முட்டியைத் தள்ளு” என்று சொல்வதைவிட “தொடையைத் திருப்பு” என்று சொன்னால் பிள்ளை சரியான தசையைத் தேடுவாள். அந்தத் தசைக்குப் பயிற்சியும் உண்டு: ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி, குதிகால்களைச் சேர்த்தபடியே மேல்முட்டியை மட்டும் உயர்த்தி இறக்குவது. இடுப்பு பின்னால் உருளக்கூடாது. கணுக்காலுக்கு, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கலாம்.

தரையையும் கவனிக்கவேண்டும். கான்கிரீட்டின் மேல் ஒட்டிய கிரானைட்டோ டைல்ஸோ தட்டின் அதிர்வைக் காலுக்கே திருப்பியனுப்பும்; அடியில் வெற்றிடம் விட்டுப் போட்ட மரத்தளம் ஓரளவு வாங்கிக்கொள்ளும். மரத்தளத்துக்கு வழியில்லாத வகுப்பில், மூன்றாம் காலத்தையும் முழுமண்டியிலிருந்து குதித்தெழும் அடவுகளையும் ஒரே நாளில் அடுக்காமல் பிரித்துப் போடலாம். வேகமாக உயரம் கூடும் மாதங்களில் முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலித்தால், குதிப்பதை நிறுத்தி வைப்பதுதான் சரி.

தசை வலி இரண்டு நாளில் தணியும். மாடிப்படி இறங்கும்போது முட்டியின் முன்பக்கம் வலித்தால் அரைமண்டியின் ஆழத்தைக் குறைத்து நிலையைச் சரிபார்க்கலாம். வீக்கம் வந்தாலோ, முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு நீள மறுத்தாலோ, அன்றைய வகுப்பை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரிடம் போகவேண்டும்.