மேசையில் கொட்டிய கியூட்டெக்ஸ்: துடைப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கியூட்டெக்ஸ் கொட்டியதும் நாம் முதலில் தேடுவது நகத்துக்குப் போடும் ரிமூவரைத்தான். ஆனால் ரிமூவருக்குக் கியூட்டெக்ஸ் எது, மேசையின் பொலிஷ் எது என்று தெரியாது. இரண்டையும் கரைத்துவிடும்.

திம்புள்ளயில் எங்கள் லயத்தில் ஒரு வீட்டில், பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு மேசைகளிலும் ஒரே போத்தல் கவிழ்ந்தது. ஒன்று பிள்ளைகள் படிக்கும் மர மேசை. மற்றது பிளாஸ்டிக் டிரெசிங் டேபிள். என்னைக் கூப்பிட்டார்கள்.

ஈரமாக இருந்ததை இழுத்துத் துடைக்க வேண்டாம் என்றேன். இழுத்தால் கறை பரவி மரத்தின் இழைக்குள் இறங்கும். மடித்த துணியின் நுனியால் மேலே நின்றதை மட்டும் ஒற்றி எடுத்தோம். மிச்சத்தை மறுநாள் வரை காயவிட்டோம். எங்கள் குளிரில் அது மெதுவாகத்தான் இறுகும்.

மரத்தில் என்ன பூச்சு இருக்கிறது என்பதை மேசையின் அடிப்பக்கத்தில் பார்க்கலாம். பஞ்சில் ஒரு சொட்டு சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். அதில் ஸ்பிரிட்டும் ரிமூவரும் கூடாது. எங்கள் மேசை அப்படித்தான் பிசுபிசுத்தது. அதனால் பழைய வங்கி அட்டையின் ஓரத்தைச் சாய்த்துப் பிடித்து, மர இழை ஓடும் திசையில் தள்ளினோம். காய்ந்த கியூட்டெக்ஸ் செதில் செதிலாகக் கிளம்பியது. மெல்லிய சாயம் மட்டும் மிஞ்சியது. அதை மெழுகு பொலிஷ் தொட்ட, மிக மென்மையான இரும்புத் தும்பால் இலேசாகத் தேய்த்தோம். சட்டி கழுவும் தும்பு கோடு போட்டுவிடும்.

பிளாஸ்டிக் மேசையைக் கவிழ்த்து, முக்கோணத்துக்குள் உள்ள இலக்கத்தைத் தேடுங்கள். 2 அல்லது 5 என்றால், ரிமூவர் தொட்ட துணியால் துடைக்கலாம். 6, 7 என்றாலோ இலக்கமே இல்லை என்றாலோ ரிமூவர் வேண்டாம். ‘அசிட்டோன் இல்லாதது’ என்று எழுதிய ரிமூவரும் பெரும்பாலும் எதில் அசெற்றேற்றில் செய்யப்பட்டது. அதுவும் பிளாஸ்டிக்கை உருக்கும். எங்கள் மேசையில் இருந்தது 6. முதலில் அட்டையால் கிளப்பினோம். பிறகு, மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தோம். கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக்கில் ஸ்பிரிட் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கலாம். அங்கே அட்டையோடு நிறுத்துங்கள்.

துணியில் மேசையின் நிறம் ஏறினாலோ, இடம் மங்கி ஒட்டினாலோ உடனே நிறுத்த வேண்டும். மங்கிய மரத்தை மறுபடி பொலிஷ் பண்ணலாம். உருகிய பிளாஸ்டிக் திரும்ப வராது.

இன்னொன்று. ரிமூவரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுப்பை எட்டும். விறகடுப்பும் விளக்கும் ஒரே அறையில் இருக்கும் லயத்து வீட்டில், இந்த வேலையை வெளி வாசலில் செய்யுங்கள்.