அன்று மெமோ, இன்று மீன்முள் படம்

கூத்தாநல்லூரைக் குட்டி சிங்கப்பூர் என்று சொல்வார்கள். மூன்று தலைமுறையாக இந்த ஊரின் ஆண்கள் சிங்கப்பூர், மலேசியா, பிறகு வளைகுடா என்று கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்திருக்கிறார்கள். ஊர் திரும்பும்போது கோடாலித் தைலமும் சட்டைத் துணியும் வரும். இப்போது சர்க்கரை நோய் பெருகிவிட்டதால் பெட்டியில் இன்சுலின் குப்பியும் வருகிறது. செவிலியர் மாணவிகளுக்கு நான் நடத்தும் ஒரு பயிற்சி இந்தக் குப்பியில்தான் தொடங்குகிறது. பயிற்சியில் வரும் நோயாளியும் வார்டும் கற்பனை. அதில் உள்ள ஆபத்து உண்மை.

நிகழ்வு இதுதான். அறுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர் பேத்தி கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்தவர். காலில் புண் பழுத்து வார்டில் சேர்க்கிறார்கள். கேஸ் ஷீட்டில் மருத்துவர் ‘கலவை இன்சுலின் 20–0–10’ என்று எழுதுகிறார். காலையில் இருபது யூனிட், இரவில் பத்து. மூன்றாம் நாள் விடியற்காலை வார்டு இன்சுலின் தீர்ந்துவிடுகிறது. மருந்தகம் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. முப்பது நோயாளிகளுக்கு ஒரே செவிலியர் நைட் டியூட்டியில் இருக்கிறார். மகன் ஒரு குப்பியை நீட்டுகிறார்: “அத்தா அங்கே போட்டுக்கிட்டிருந்த மருந்து இது, சிஸ்டர். ஃப்ரிட்ஜிலதான் வச்சிருந்தோம்.” செவிலியர் மருந்தின் பெயரைப் பார்க்கிறார், காலாவதித் தேதியைப் பார்க்கிறார். இரண்டும் சரி. வார்டில் இருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபது கோடு வரை இழுத்துப் போடுகிறார். பெரியவர் ஒன்றரை இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார். பத்து மணிக்கு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். சர்க்கரை 42. உடனே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பில் ஏற்றுகிறார்கள். பிழைத்துக்கொள்கிறார்.

என்ன நடந்தது? இந்தியாவில் குப்பியில் வரும் சாதாரண இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்சு அதற்கென்றே கோடு போட்டது. சிங்கப்பூர்க் குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபதாம் கோடு என்பது அரை மில்லி. அரை மில்லியில் நாற்பது யூனிட் மருந்தென்றால் இருபது யூனிட்தான் போகும். நூறு யூனிட் மருந்தென்றால் ஐம்பது போகும். பெரியவருக்குப் போனது ஐம்பது, இரண்டரை மடங்கு. கலவை இன்சுலினின் வேலை ஒரு நாள் வரைகூட நீளும். அதனால் ஒருமுறை சர்க்கரை ஏறிவிட்டது என்று கண்காணிப்பை விடக் கூடாது, மறுபடி இறங்கும்.

இந்தப் பொறி புதிதல்ல. அந்தக் காலத்தில் 40 யூனிட், 80 யூனிட் என்று இரண்டு வலுவில் இன்சுலின் வந்தது. கண்ணாடி சிரிஞ்சில் ஒரு பக்கம் நாற்பதுக்கும் மறுபக்கம் எண்பதுக்கும் அளவுக் கோடு போட்டவைகூட இருந்தன. பக்கம் மாறிப் படித்தால் இரட்டிப்பு, அல்லது பாதி. இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் அமெரிக்கா 1970களிலும் பிரிட்டன் 1983இலும் நூறு யூனிட் என்ற ஒரே வலுவுக்கு மாறின. நாம் முழுதாக மாறவில்லை. நம்மிடம் குப்பியில் நாற்பது, பேனாவில் நூறு, சில புதிய வகைக் குப்பிகளிலும் நூறு என்று இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன.

இப்படி ஒன்று நடந்தால் 1990களின் தொடக்கத்தில், நான் பணியில் சேர்ந்த காலத்தில், என்ன செய்வார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு மருத்துவமனையில், மருந்தை மாற்றிப் போட்டுவிட்ட மூத்த சிஸ்டர் ஒருவருக்கு மெமோ வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘ஏன் உங்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’ அவர் எழுதிய பதிலில் நடந்தது எதுவும் இல்லை. இனி இவ்வாறு நிகழாது என்ற உறுதிமொழி மட்டும் இருந்தது. அந்தத் தாள் கோப்பில் சேர்ந்தது, விஷயம் முடிந்தது. மாற்றிப் போட வைத்த அலமாரி அப்படியே இருந்தது. ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் மருந்துகள் நின்றன. வார்டில் இருந்த நாங்கள் எல்லோரும் அன்று கற்ற பாடம் ஒன்றுதான்: தவறு நேர்ந்தால் வெளியே தெரியக் கூடாது.

இன்று என் மாணவிகள் அதே கேள்விக்கு வேறு வழியில் போகிறார்கள். நான் முதலில் எதையும் சொல்லித்தருவதில்லை. நிகழ்வைப் படித்துவிட்டு மூலகாரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்வேன். ஒவ்வொரு ஆண்டும் பெரும்பாலான தாள்களில் ‘செவிலியரின் கவனக்குறைவு’ என்றுதான் வரும். அவர்களுக்கு முப்பது ஆண்டுக்கு முந்தைய மெமோவைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் கை அதையே எழுதுகிறது.

பிறகு ஒரு கேள்வி வைப்பேன். அதே இரவு, அதே வார்டு, அதே சிரிஞ்சு. உங்கள் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண்ணை அங்கே நிறுத்தினால் அவள் வேறு மாதிரி செய்திருப்பாளா? மனிதத் தவறுகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் பரவலாக்கிய சோதனை இது. வகுப்பு அமைதியாகிவிடும். யாரும் ‘ஆமாம்’ என்று சொல்ல மாட்டார்கள். ஆளை மாற்றினாலும் தவறு நடக்கும் என்றால், காரணம் ஆளில் இல்லை.

அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது. முதல் படி காலவரிசை. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, அது எந்தத் தாளிலிருந்து தெரிகிறது என்று எழுத வேண்டும். யூகத்துக்கு அதில் இடமில்லை. பொருள்களையும் தேட வேண்டும். குப்பியைத் தூக்கி எறிந்துவிடாமல் எடுத்து வைத்தார்களா? ஊசியோடு ஒட்டிய இன்சுலின் சிரிஞ்சு வெள்ளை நிறக் குத்துப்படாத பெட்டியில்தான் விழுந்திருக்கும். கழிவு வண்டி வருமுன் போய்ப் பார்த்தால் அது எந்த வகை சிரிஞ்சு என்று சாட்சி கிடைக்கும். ‘சிவப்பு மூடி’ என்ற உண்மை யாருடைய நினைவிலிருந்தும் வரக் கூடாது.

அடுத்து ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போவது. டொயோட்டா தொழிற்சாலையில் வளர்ந்த வழக்கம் இது. ஏன் ஐம்பது யூனிட் போனது? குப்பிக்குப் பொருந்தாத சிரிஞ்சு. ஏன் அந்தச் சிரிஞ்சு? வார்டில் வேறு வகையே கிடையாது. ஏன் வெளிக் குப்பி? இருப்பு தீர்ந்துவிட்டது. ஏன் தீர்ந்தது? இண்டெண்ட் புத்தகம் காலையில் ஒருமுறைதான் மருந்தகத்துக்குப் போகிறது. இத்தனைக்குக் கீழே இறங்கினால் கேட்க வேண்டும் என்ற அளவு எதுவும் குறிக்கப்படவில்லை. கெட்டிக்கார மாணவிகள் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவதுதான் இந்த முறையின் பலவீனம். பக்கத்துக் கயிறுகள் கண்ணில் படாது.

அதற்காகத்தான் மீன்முள் படம். ஜப்பானியப் பொறியாளர் கவோரு இஷிகாவா தந்தது. மீனின் தலையில் விளைவை எழுதி, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு திசையிலிருந்து வந்த காரணத்தை எழுத வேண்டும். படம் வரைந்த பிறகுதான் மற்றவை வெளியே வருகின்றன. மருத்துவர் எழுதிய குறிப்பில் ‘20’ இருக்கிறது, எத்தனை யூனிட் வலு என்பது இல்லை. உறவினர் கொண்டுவரும் மருந்தை என்ன செய்வது என்று வார்டில் விதியே இல்லை. இன்சுலினை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்பார்கள். இரவில் இரண்டாவது ஆள் கிடையாது.

நான் கொடுக்கும் கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. முந்தைய வாரம் இன்னொரு செவிலியர் வேறொரு வெளிநாட்டுக் குப்பியைக் கையில் எடுத்து, 100 என்ற எண்ணைக் கவனித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை. எழுதினால் விளக்கம் கேட்பார்கள். அந்த நூலிழைத் தப்பை அன்றே எழுதியிருந்தால் இந்தப் பெரியவருக்கு இது நடந்திருக்காது. பயிற்சி முழுவதிலும் எனக்கு முக்கியம் இந்த ஒரு பக்கம்தான்.

தீர்வு எழுதும் கட்டத்தில் மறுபடி பழைய பழக்கம் தலைகாட்டும். ‘செவிலியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும்’, ‘எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்’ என்று எழுதுவார்கள். இவை தவறல்ல, ஆனால் மிகப் பலவீனமானவை. களைத்த மனிதரின் நினைவாற்றலையே மறுபடி நம்புகின்றன. வலுவான தீர்வு என்பது, தவறு செய்ய நினைத்தாலும் செய்ய முடியாதபடி ஆக்குவது. வார்டில் ஒரே வலு இன்சுலின்தான் இருக்கும். வெளியிலிருந்து வருவது சேர்க்கும்போதே பெயர் எழுதி மூடி வைக்கப்பட்டு, வீடு போகும்போதுதான் திரும்பக் கிடைக்கும். இரவுக்கென்று ஒரு குப்பி தனியாகப் பூட்டி வைக்கப்படும். இவை ஏட்டில் மட்டும் நின்றுவிடாதிருக்க, வாரம் ஒருமுறை வார்டு ஃப்ரிட்ஜைத் திறந்து மூடி வைக்கப்படாத அந்நியக் குப்பி எத்தனை இருக்கிறது என்று எண்ண வேண்டும். அந்த எண் பூஜ்யமாக இருக்கும்வரை தீர்வு வேலை செய்கிறது.

இந்த முறைக்கு எல்லை உண்டு. இரவில் மருந்தாளுநர் வேண்டும், முப்பது பேருக்கு ஒருவர் போதாது என்று மாணவி சரியாகவே எழுதுவாள். அது வார்டு கையில் இல்லை. நூறு யூனிட்டுக்கு நாடே மாற வேண்டும் என்பதும் அவள் கையில் இல்லை.

வகுப்பறை மாறிவிட்டது, வெளியே அவ்வளவு மாறவில்லை. 2017இல் உலக சுகாதார நிறுவனம் மருந்துத் தவறுகளால் வரும் கடும் பாதிப்பை ஐந்து ஆண்டுகளில் பாதியாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த ஐந்து ஆண்டும் கடந்த பிறகு, 2023 செப்டம்பரில் கடலூர் அரசு மருத்துவமனையில், சளிக்கு வந்த சிறுமிக்கு நாய்க்கடி ஊசி போட்டுவிட்டதாகப் புகார் எழுந்தது. செவிலியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார் என்பது செய்தியில் வந்தது. ஊசி போடும் இடத்தில் அன்று எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள், சீட்டைச் சரிபார்க்க என்ன ஏற்பாடு இருந்தது, பிறகு அங்கே எது மாற்றப்பட்டது என்பதை நான் படித்த செய்திகள் கேட்கவில்லை. பெற்றோரின் கோபம் நியாயமானது. ஆனால் ஒருவரை நீக்கியதோடு நிறுத்தினால், அதே மேசையில் நாளை இன்னொருவர் உட்காருவார்.

கூத்தாநல்லூர்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டிலிருந்து இன்சுலின் கொண்டுவந்தால் அதற்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். இங்கே வாங்கும் 40 யூனிட் குப்பிக்கு அந்தச் சிரிஞ்சைப் பயன்படுத்தாதீர்கள். இருபதாம் கோட்டில் எட்டு யூனிட்தான் போகும், சர்க்கரை சத்தமில்லாமல் ஏறும். மருத்துவமனையில் சேரும்போது குப்பியை செவிலியரிடம் காட்டி, அதிலுள்ள 100 என்ற எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள்.