மரியோ ஏன் குழிக்குள்ளேயே விழுகிறார்? கை மாறிய பட்டன்களும் F2, F4 குழப்பமும்!

கேசட்டை வாயால் ஊதி, டி.வி-க்குக் கீழே உட்கார்ந்து மரியோவும் கான்ட்ராவும் ஆடிய நைன்டீஸ் கிட்ஸ் பலர் இப்போது ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறார்கள். அந்த டி.வி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை, 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். பெட்டி எப்போதோ பரணுக்குப் போய்விட்டது. ஆனால், பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப்போ, பெங்களூரு எஸ்.பி ரோட்டில் பேரம் பேசி வாங்கிய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரோ வீட்டில் இருந்தால் போதும். ரெட்ரோஆர்ச் போன்ற ஓர் எமுலேட்டர், பழைய கன்சோலை அப்படியே அதற்குள் கொண்டுவந்துவிடும்.

கொண்டுவந்த பிறகுதான் சிக்கல். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய குழியில், மரியோ திரும்பத் திரும்ப விழுகிறார். வயதாகிவிட்டதோ என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வயதின் மேல் தப்பில்லை, கை மாறிவிட்டது!

பழைய பேடைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இடது கட்டைவிரலில் சிலுவை வடிவப் பட்டன், அது நடக்க. வலது கட்டைவிரலில் B, A என்ற இரண்டு பட்டன்கள். B ஓட, A குதிக்க. ரெட்ரோஆர்ச்சை நிறுவியவுடன் வரும் அமைப்பிலோ அம்புக்குறி கீகள்தான் சிலுவைப் பட்டன், Z என்பது B, X என்பது A. அம்புக்குறிகள் கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கின்றன, Z-ம் X-ம் இடது பக்கம். அதாவது, இடது கை செய்த வேலையை வலது கைக்கும், வலது கை செய்ததை இடது கைக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கீபோர்டிலேயே பழகியவர்களுக்கு இது பிரச்னையே இல்லை. பேடில் வளர்ந்த விரல்கள்தான் தடுமாறும்.

தீர்வு எளிது. நடப்பதை W, A, S, D-க்கு மாற்றி இடது கையிடம் கொடுங்கள். ஓட J, குதிக்க K என்று வலது கைக்குக் கொடுங்கள். பழைய பேடில் B இடப்பக்கம், A வலப்பக்கம். இங்கேயும் J இடப்பக்கம், K வலப்பக்கம். பேடில் ஒரே கட்டைவிரலை B-யின் மேல் படுக்கவைத்து, அதன் நுனியால் A-வை அழுத்துவோம். இங்கே அதை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரித்துக்கொள்ளும். இதை மாற்றும் இடம், ரெட்ரோஆர்ச்சில் Settings, Input பகுதியில் இருக்கும் Port 1 Controls.

K அழுத்தினால் கேம் உறைகிறதா?

ஓசூரில் செகண்ட் ஷிப்ட் முடித்து அறைக்கு வந்த ஒருவர், இப்படி மாற்றிவிட்டு உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். D-யை அழுத்துகிறார், மரியோ நடக்கிறார். குதிக்க K-வை அழுத்துகிறார். கேம் அப்படியே உறைந்து நிற்கிறது! மறுபடி K, ஒரு துளி நகர்ந்து மறுபடி நிற்கிறது. லேப்டாப் ஹேங் ஆகிவிட்டது என்று ரீஸ்டார்ட் செய்கிறார். திரும்பவும் அதேதான்.

லேப்டாப் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ரெட்ரோஆர்ச்சில் கீபோர்டின் பல எழுத்துகளுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. இவற்றை ஹாட்கீ என்பார்கள். K, படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும் ஹாட்கீ. L-ஐப் பிடித்தால் கேம் வேகமாக ஓடும், E-யைப் பிடித்தால் மெதுவாகும், P அழுத்தினால் நிற்கும். H இருக்கிறதே, அது ஆபத்து, கேமையே ரீசெட் செய்துவிடும். நீங்கள் K-வைக் குதிக்கும் பட்டனாக வைத்தாலும் பழைய வேலை அதை விட்டுப் போகாது. ஒரே அழுத்தலில் இரண்டும் நடக்கும்.

இந்த ஹாட்கீகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்க வேண்டாம். Settings, Input, Hotkeys பகுதியில் Hotkey Enable என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு கீயைக் கொடுத்துவிட்டால், அந்தக் கீயைப் பிடித்திருக்கும்போது மட்டுமே மற்ற ஹாட்கீகள் வேலை செய்யும். அதன் பிறகு K-வைத் தனியாக அழுத்தினால் குதிப்பது மட்டும்தான்.

எந்தக் கீயைக் கொடுப்பது? Alt வேண்டவே வேண்டாம். சேவ் செய்த இடத்துக்குத் திரும்பும் ஹாட்கீ F4. Alt-ஐப் பிடித்துக்கொண்டு F4 அழுத்தினால், விண்டோஸ் அந்த புரோகிராமையே மூடிவிடும். வலது Ctrl நல்ல தேர்வு. F2, F4 இடது கைப் பக்கம் இருப்பதால், சேவ் செய்ய இரண்டு கையும் வேண்டும். விளையாட்டு மும்முரத்தில் கை தவறி அழுத்த வாய்ப்பில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இனி மெனுவுக்குப் போகவும் F1 தனியாகப் போதாது, வலது Ctrl-உடன் சேர்த்து அழுத்த வேண்டும். வெளியேற Ctrl, Esc அழுத்தினால் விண்டோஸின் ஸ்டார்ட் மெனு வந்து நிற்கும். மெனுவுக்குள் போய் வெளியேறுவதே நல்லது.

மெனுவில் ஒவ்வொன்றாகத் தேடச் சலிப்பாக இருந்தால், retroarch.cfg என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து, ஏற்கெனவே இருக்கும் இந்த வரிகளின் மதிப்பை மட்டும் மாற்றலாம்.

```
input_player1_up = "w"
input_player1_left = "a"
input_player1_down = "s"
input_player1_right = "d"
input_player1_b = "j"
input_player1_a = "k"
input_player1_y = "u"
input_player1_x = "i"
input_player1_r = "nul"
input_enable_hotkey = "rctrl"
```

ரெட்ரோஆர்ச்சை மூடிவிட்டு இதைச் செய்யுங்கள். திறந்திருந்தால், அது மூடும்போது பழைய அமைப்பை மறுபடி எழுதி உங்கள் உழைப்பை வீணாக்கிவிடும். கடைசிக்கு முந்தைய மூன்று வரிகளுக்குக் காரணம் உண்டு. A, S, W ஆகியவை ஆரம்பத்தில் வேறு பட்டன்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும், அவற்றை விடுவித்தாக வேண்டும். கூடவே ஒரு போனஸ். நம்மூர் பேடுகளில் B, A-வுக்கு மேலே தொடர்ந்து சுடும் டர்போ பட்டன்கள் இரண்டு இருந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? எஃப்.சி.இ.யு.எம்.எம் என்ற கோரில் டர்போவை ஆன் செய்தால், J-க்கு மேலே உள்ள U-வும், K-க்கு மேலே உள்ள I-யும் அதே வேலையைச் செய்யும். கோர் என்றால், ரெட்ரோஆர்ச்சுக்குள் ஒரு குறிப்பிட்ட கன்சோலாக நடிக்கும் பகுதி.

மூன்றாவது கீ எங்கே போனது?

இவ்வளவுக்குப் பிறகும் ஓடிக்கொண்டே குதிக்கும்போது மட்டும் மரியோ குதிக்க மறுக்கலாம். இது கீபோர்டின் கைவரிசை. மலிவான கீபோர்டுகளில் ஒவ்வொரு கீக்கும் தனி வயர் கிடையாது. வரிசை, நெடுவரிசை என்று வலைபோலப் பின்னி, பல கீகளுக்கு ஒரே பாதையைக் கொடுத்திருப்பார்கள். எந்த இரண்டு கீயை அழுத்தினாலும் பிரச்னை வராது. மூன்றாவது கீ அதே பாதைகளில் மாட்டினால், கீபோர்டு அதைக் கண்டுகொள்ளாது. ஓடிக் குதிக்க D, J, K மூன்றும் தேவை. கான்ட்ராவில் குறுக்காகக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டே குதிக்க W-வும் சேர்ந்து நான்கு.

சோதிக்க நோட்பேட் போதும். D, J இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு K-வைத் தட்டுங்கள். திரையில் k விழுந்தால் கீபோர்டு சரி. விழாவிட்டால் எந்த செட்டிங்கும் உதவாது, J, K-க்குப் பதில் பக்கத்தில் வேறு ஜோடியை வைத்து இதே சோதனையைச் செய்ய வேண்டியதுதான். செகண்ட் ஹேண்ட் கீபோர்டு வாங்குபவர்கள், கடையிலேயே இதைச் செய்து பார்த்துவிடலாம்.

பேடில் இல்லாத இன்னொரு சங்கதியும் கீபோர்டில் உண்டு. சிலுவைப் பட்டனில் இடதையும் வலதையும் ஒரே நேரத்தில் அழுத்த முடியாது, ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். கீபோர்டில் A-வையும் D-யையும் சேர்த்தே அழுத்தலாம். பழைய கேம்களை எழுதியவர்கள் இப்படி ஒன்று நடக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். செல்டா கேமின் இரண்டாம் பாகத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், ஹீரோ தாறுமாறான வேகத்தில் பாய்வார்! கோரின் ஆப்ஷன்களில் Allow Opposing Directions அணைந்தே இருக்கட்டும்.

ஒரு லேப்டாப், இரண்டு பேர்

1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் மொத்தம் 32 கட்டங்கள். சேவ் செய்யும் வசதி கிடையாது. கரன்ட் போனால் முதலிலிருந்து. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வலியை விளக்க வேண்டியதில்லை. சேவ் ஸ்டேட் இதற்குத்தான் மருந்து. அந்த நொடியில் கன்சோலின் நினைவகத்தில் என்ன இருந்ததோ, அத்தனையையும் அப்படியே ஒரு ஃபைலாக எழுதிவைத்துவிடும். மரியோ காற்றில் இருந்தால் காற்றிலேயே திரும்ப வருவார். ரெட்ரோஆர்ச்சில் சேவ் செய்ய F2, திரும்ப எடுக்க F4. சில லேப்டாப்களில் இந்த கீகள் வெளிச்சத்தையும் சத்தத்தையும் மாற்றும், அங்கே Fn-ஐயும் சேர்த்து அழுத்த வேண்டும்.

நேரம் பார்த்து சேவ் செய்ய வேண்டும் என்பதுதான் பலர் கோட்டைவிடும் இடம். குழிக்குள் விழுந்துகொண்டிருக்கும்போது F2 அழுத்தினால், ஒவ்வொரு முறை F4 அழுத்தும்போதும் மரியோ அதே குழிக்குள்தான் விழுவார். அதைவிடக் கொடுமை, பதற்றத்தில் F4-க்குப் பதில் F2 அழுத்துவது. ஒரு வாரம் ஆடி சேர்த்துவைத்த இடம் அழிந்து, அந்தத் தோல்வி பதிவாகிவிடும்.

வீட்டில் அப்பாவும் மகளும் ஒரே லேப்டாப்பில், ஒரே கேமை ஆடினால் சண்டை நிச்சயம். அப்பா நைட் ஷிப்ட் போயிருக்கும்போது மகள் F2 அழுத்தினால், அப்பாவின் எட்டாவது உலகம் காலி. அதற்குத்தான் ஸ்லாட்கள். F7 அழுத்தினால் அடுத்த ஸ்லாட், F6 அழுத்தினால் முந்தையது, எண் திரையில் தெரியும். அப்பாவுக்கு 0, மகளுக்கு 1 என்று பிரித்துக்கொண்டால் ஒருவரின் ஃபைல் மேல் இன்னொருவர் எழுத மாட்டார். நம் அமைப்பில் இவற்றுக்கும் வலது Ctrl வேண்டும். இதைவிடப் பாதுகாப்பு வேண்டுமென்றால், சேவிங் செட்டிங்கில் இருக்கும் தானியங்கி எண் வசதியை ஆன் செய்யலாம். ஒவ்வொரு சேவும் புது எண்ணில் போகும், பழையது அழியாது.

```
savestate_auto_index = "true"
```

தவறிப்போய் அழித்துவிட்டால், ரெட்ரோஆர்ச்சை மூடிவிடாதீர்கள். மெனுவில் Undo Save State இருக்கிறது, கடைசியாக எழுதியதை ரத்து செய்து முந்தையதைத் திருப்பித் தரும். கடைசி ஒன்றை மட்டும்தான்.

இந்த ஃபைல் எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கோரில் எடுத்த ஸ்டேட் இன்னொரு கோரில் திறக்காது. அதே கோரின் புதிய பதிப்பிலும் சில நேரம் மக்கர் செய்யும். செல்டா போல கேமுக்குள்ளேயே சேவ் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். ஆனால், கேமுக்குள் சேவ் செய்த பிறகு பழைய ஸ்டேட்டை எடுத்தால், அந்த சேவும் பழைய நிலைக்கே போய்விடக்கூடும்.

எமுலேட்டர் இலவசம், சட்டப்படி தவறும் இல்லை. கேம்களுக்குக் காப்புரிமை உண்டு, இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக எடுப்பது வேறு விஷயம். விரல்களைப் பழக்க, நோவா தி ஸ்குவிரல் போன்ற இலவச கேம்களை அவற்றை உருவாக்கியவர்களே தருகிறார்கள். அதிலும் ஓட, குதிக்க குழிகள் நிறைய உண்டு!