அர்ஜுனன் கேட்கும் இடங்களில் அடிக்கோடு இடுங்கள்

சலூன், டீக்கடை, கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் 'கீதாசாரம்' என்ற தலைப்பில் ஒரு படம் சுவரில் தொங்கும். தேர், கண்ணன், கைகூப்பி நிற்கும் அர்ஜுனன், கீழே எதை இழந்தாலும் வருந்தாதே என்று ஆறுதல் சொல்லும் சில வரிகள். அந்த வரிகள் கீதையின் 700 சுலோகங்களில் ஒன்றில்கூட இல்லை. யாரோ எழுதி, யாரோ தமிழாக்கி, காலண்டர்க்காரர்கள் பரப்பியது அது. இருந்தும் கீதையைக் கையிலெடுக்கும் பலர் அந்தப் படத்தைத்தான் முதலில் மனதில் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் அதையே தேடுகிறார்கள். கிடைக்காதபோது இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில் மூடி வைத்துவிடுகிறார்கள்.

ஆசிரியர் இல்லாமல் கீதையைப் படிக்க முடியுமா? பெரும்பகுதியை முடியும். ஆனால் அதைப் பொன்மொழித் தொகுப்பாகப் படித்தால் முடியாது. கீதை ஓர் உரையாடல். ஒருவன் கேட்கிறான், ஒருவர் பதில் சொல்கிறார், பதிலில் திருப்தி இல்லாமல் அவன் மறுபடி கேட்கிறான். தனியாகப் படிப்பவர் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, ஒரு சுலோகத்தை அந்தப் பேச்சிலிருந்து பிய்த்து எடுப்பதால் வருபவை.

முதலில் புத்தகம். கடையில் இருக்கும் பதிப்புகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். சிலவற்றில் சுலோகத்தின் பொருள் தனியாகவும் உரையாசிரியரின் விளக்கம் தனியாகவும் இருக்கும். வேறு சிலவற்றில் இரண்டும் ஒரே பத்தியில் கலந்திருக்கும், எது கண்ணன் சொன்னது, எது உரைகாரர் சொன்னது என்று தெரியாது. இரண்டாவது வகையை வாங்காதீர்கள். பதவுரை, பொழிப்புரை, விளக்கம் மூன்றும் தனித்தனியாக அச்சிட்ட பதிப்புகள் குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. பாரதியாரின் மொழிபெயர்ப்பு முதல் வாசிப்புக்கு நல்லது. அவருடைய கருத்துகள் நீண்ட முன்னுரையில் இருக்கின்றன, சுலோகங்களின் பொருள் தனியே வருகிறது. முன்னுரையைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம்.

முதல் சுற்றில் விளக்கவுரை பக்கமே போகாமல், பொழிப்புரையை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். மொத்தப் பொழிப்புரையும் ஒரு சின்ன நாவலைவிடக் குறைவு. புரியாத இடத்தில் நிற்க வேண்டாம். கையில் ஒரு பென்சில் மட்டும் இருக்கட்டும். 'அர்ஜுன உவாச', அதாவது 'அர்ஜுனன் சொன்னான்' என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் அடிக்கோடு போடுங்கள். இரண்டாம் சுற்றுக்கான பாதை அந்தக் கோடுகள்தான்.

முதல் அத்தியாயத்தில் தத்துவம் இல்லை என்று பலர் தாண்டிப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு பெரிய துணையும் உண்டு: ஆதிசங்கரரின் விளக்கமே இரண்டாம் அத்தியாயத்தின் 11-ஆம் சுலோகத்தில்தான் உண்மையில் தொடங்குகிறது. ஆனால் சங்கரருக்கு மகாபாரதம் தெரியும், நமக்கு அரைகுறை. திருதராஷ்டிரன் சஞ்சயனிடம் 'என்ன நடந்தது' என்று கேட்கும்போது போர் தொடங்கிப் பத்து நாள் ஆகி, பீஷ்மர் விழுந்துவிட்டார். பிறகுதான் சஞ்சயன் முதல் நாள் காலையிலிருந்து கதையைச் சொல்லத் தொடங்குகிறான். இதற்கெல்லாம் முன்பு, சமாதானம் பேச அஸ்தினாபுரம் போனவரும் கண்ணன்தான். இந்த முன்கதை தெரியாமல் படித்தால், சண்டையே வேண்டாம் என்று சாதுவாக இருந்தவனைக் கண்ணன் உசுப்பிவிட்டது போலத் தோன்றும். ராஜாஜியின் 'வியாசர் விருந்து' நூலில் போருக்கு முந்தைய அத்தியாயங்களைப் படித்துவிட்டு வந்தால் போதும்.

முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் வெறுமனே அழவில்லை, வாதாடுகிறான். உறவினரைக் கொன்று கிடைக்கும் ராஜ்யத்தில் என்ன சுகம்? குலம் அழிந்தால் குலதர்மம் அழியும், முன்னோருக்குப் பிண்டம் நின்றுபோகும், அந்தப் பாவம் யாருக்கு? இந்த வாதங்களை நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் கண்ணன் எதற்குப் பதில் சொல்கிறார், எதை அப்படியே விட்டுவிடுகிறார் என்று பார்க்க அந்தப் பட்டியல் வேண்டும்.

இனி, கீதையிலேயே அதிகம் தவறாகப் படிக்கப்படும் இடத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 'கடமையைச் செய், பலனை எதிர்பாராதே' என்று நாம் எல்லோரும் சொல்வது, இரண்டாம் அத்தியாயம் 47-ஆம் சுலோகத்தின் சுருக்கம். சம்பள உயர்வு கேட்டவரிடம் முதலாளி சொல்வதற்கும், தேர்வில் தோற்ற பையனிடம் அப்பா சொல்வதற்கும் அது பயன்படுகிறது. அந்தச் சுலோகத்தில் நான்கு கூறுகள் இருக்கின்றன. செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை, பலனுக்காகச் செய்பவனாக ஆகாதே, செயலற்று இருப்பதிலும் பற்று வைக்காதே. நான்காவது கூறு நம் சுருக்கத்தில் காணாமல் போய்விட்டது. தேரில் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவனிடம் பேசும்போது, அந்த நான்காவதுதான் அவனைத் தொடும் கூறு.

சரி, அந்தச் சுலோகத்திலிருந்து பத்துச் சுலோகம் பின்னால் போங்கள். 37-ஆம் சுலோகத்தில் கண்ணன் என்ன சொல்கிறார்? செத்தால் சொர்க்கம், ஜெயித்தால் பூமி, எழுந்திரு. இது அப்பட்டமாகப் பலனைக் காட்டும் பேச்சு. 42 முதல் 44 வரை வந்தால், சொர்க்கத்தைக் குறிவைத்து வேதச் சடங்குகளைப் புகழ்பவர்களைக் கண்டிக்கிறார். அடுத்து 47-இல் பலனே உன் உரிமை அல்ல என்கிறார். பத்துச் சுலோகத்துக்குள் சொர்க்கத்தைக் கொடுத்து, அதன்மேல் உள்ள ஆசையைக் கடிந்து, பலனையே எடுத்துவிட்டார்.

தனியாகப் படிப்பவர் இங்கே இரண்டில் ஒன்றைச் செய்கிறார். நூலில் முரண்பாடு என்று முடிவுகட்டுகிறார், அல்லது தனக்குப் பிடித்த சுலோகத்தை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறார். நடுவில் இருக்கும் 39-ஆம் சுலோகத்தைக் கவனித்தால் இரண்டும் தேவைப்படாது. இதுவரை சொன்னது ஒரு பார்வை, இனி யோகத்தின் பார்வையைக் கேள் என்று கண்ணனே அங்கே திருப்பம் வைக்கிறார். 31 முதல் உள்ள சுலோகங்கள் க்ஷத்திரியனின் கடமை, மானம், ஊர்ப்பேச்சு என்று அர்ஜுனனுக்குப் பழகிய மொழியில் பேசுபவை. சங்கரர் தம் உரையில், அவை துக்கத்தைப் போக்கச் சொன்ன உலகியல் நியாயம், நூலின் முடிவான கருத்து அல்ல என்று தெளிவாக எழுதியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்கச் சமஸ்கிருதம் வேண்டியதில்லை. ஒரு சுலோகத்தை எடுத்தால் முன்னால் பத்து, பின்னால் பத்துப் படிக்கும் பழக்கம் போதும்.

நாம் புரிந்துகொண்டது சரிதானா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அந்தப் பென்சில் கோடுகள். மூன்றாம் அத்தியாயம் தொடங்கியதும் அர்ஜுனன் கேட்கிறான்: செயலைவிட அறிவு மேல் என்றால் என்னை ஏன் இந்தக் கொடிய செயலில் தள்ளுகிறாய்? கலந்து கலந்து பேசி என்னைக் குழப்புகிறாய், ஒன்றைத் தீர்மானமாகச் சொல். இரண்டாம் அத்தியாயம் முடிந்ததும் இந்தக் கேள்வி உங்களுக்கும் எழுந்திருந்தால் ஒழுங்காகப் படித்திருக்கிறீர்கள். இவன் ஏன் இதைக் கேட்கிறான் என்று தோன்றினால் 49-ஆம் சுலோகத்தைக் கோட்டைவிட்டிருக்கிறீர்கள், திரும்பிப் போங்கள். வகுப்பில் ஆசிரியர் கேட்கும் சோதனைக் கேள்வியை இங்கே மாணவனே கேட்டுவிடுகிறான்.

ஐந்தாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் அதே சந்தேகம் வேறு உருவத்தில் வருகிறது. ஆறில், காற்றைப் போல ஓடும் மனதை எப்படிப் பிடிப்பது என்றும், பாதி வழியில் தவறியவன் கதி என்ன என்றும் கேட்கிறான். எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் கீதையிலேயே மிக மனிதத்தனமான கேள்வியாகப் படுகிறது. நோட்டின் இடப்பக்கம் அவன் கேள்வியையும், வலப்பக்கம் அதற்குக் கண்ணன் தரும் பதிலை உங்கள் சொந்த வாக்கியத்திலும் எழுதுங்கள். வாக்கியம் வராவிட்டால் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

7, 9, 15, 16 அத்தியாயங்களில் அர்ஜுனன் வாயே திறப்பதில்லை. அங்கே தனி வாசகருக்குக் கஷ்டம் அதிகம், வேகத்தைக் குறையுங்கள். 13-ஆம் அத்தியாயத்தில் வேறொரு சிக்கல். சில பதிப்புகளில் அது அர்ஜுனனின் ஒரு கேள்வியோடு தொடங்கும், பலவற்றில் அந்தச் சுலோகமே இருக்காது. இரண்டு புத்தகங்களை ஒப்பிட்டால் அந்த அத்தியாயம் முழுக்க எண்கள் ஒன்று தள்ளிப்போகும். அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

நமக்கு ஒவ்வாத சுலோகங்களையும் தாண்டக் கூடாது. வர்ணம் பற்றி 4-ஆம் அத்தியாயத்தின் 13-ஆம் சுலோகத்தை மட்டும் படித்து, குணமும் செயலும்தான் என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. அதை 18-ஆம் அத்தியாயத்தின் 41 முதல் 44 வரை உள்ளவற்றோடும், 9-இல் 32-ஆம் சுலோகத்தோடும் சேர்த்துப் படியுங்கள். அப்போது அவ்வளவு எளிதில் நிம்மதி வராது. அம்பேத்கர் கீதையை ஏன் கடுமையாக விமர்சித்தார் என்பதும், காந்தி ஏன் அதையே தாய் என்று கொண்டார் என்பதும் முழு நூலையும் படித்தவருக்கே விளங்கும்.

உரைகளை இரண்டாம் சுற்றுக்குப் பிறகு எடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று. சங்கரர் ஞானத்தையும் ராமாநுஜர் பக்தியையும் மையமாக வைத்தார்கள். மண்டலே சிறையில் எழுதிய திலகர் கர்மயோகத்தை வைத்தார். மூன்றையும் கலந்து படித்தால் எது யாருடையது என்று மறந்து, மூவரும் சொல்லாத ஒன்றை நம்பிக்கொண்டிருப்போம்.

இவ்வளவு செய்தாலும் ஓர் இடத்தில் தனிவாசிப்பு நின்றுவிடும். 18-ஆம் அத்தியாயம் 66-ஆம் சுலோகம், எல்லாத் தர்மங்களையும் விட்டு என்னைச் சரணடை என்பது. எதை விடுவது? சங்கரருக்கு அது எல்லாக் கர்மங்களையும் துறப்பது. ராமாநுஜருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே, செய்பவன் நான் என்ற எண்ணத்தையும் பலனையும் விடுவது. ஸ்ரீவைஷ்ணவர்கள் இதைச் சரம சுலோகம் என்று ஆசாரியரிடம்தான் கேட்பார்கள். ரகசியப் பொருள் கேட்க ராமாநுஜரே திருக்கோஷ்டியூருக்கு 18 முறை நடந்தார் என்பது குருபரம்பரைக் கதை. அறிந்தவரைப் பணிந்து, கேள்வி கேட்டுத் தெரிந்துகொள் என்று கீதையின் நான்காம் அத்தியாயமும் சொல்கிறது. ஆகவே இந்த ஒரு சுலோகத்துக்காவது ஆள் தேடிப் போங்கள். போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள், வெறுங்கையோடு போனால் பொதுவான பிரசங்கம்தான் கிடைக்கும்.